கரண்ட் போன 66 மணி நேரத்தைக் காகிதத்தில் நிறுத்துவது: குளிர்பதனக் கிடங்குக்காரர்களுக்கான இழப்பீட்டு வழிகாட்டி

திங்கள் இரவு 10.40-க்குப் புயலில் கம்பம் சாய்ந்து கரண்ட் போகிறது. வியாழன் மாலை 4.40-க்குத் திரும்பி வருகிறது. நடுவில் 66 மணி நேரம். கிடங்கின் ஒரு சேம்பரில் 12 டன் உறைமீன் இருக்கிறது. உரிமையாளர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, “எல்லாம் போச்சு” என்று காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒரு வரி அனுப்புகிறார். ஆறு மாதம் கழித்து அவர் கைக்கு வருவது, நினைத்ததில் பாதிகூட இல்லை. சில நேரம் ஒன்றுமே வருவதில்லை.

நான் சில ஆண்டுகள் இழப்பு மதிப்பீட்டாளர் பக்கம் உட்கார்ந்திருந்தேன், பிறகு கிடங்குக்காரர்களுக்குக் கோரிக்கை தயாரித்துக் கொடுக்கும் பக்கம் வந்தேன். இரண்டு பக்கமும் பார்த்த அனுபவத்தில் சொல்வதானால், சரக்கு கெட்டதா என்பதில் பெரும்பாலும் சண்டை வருவதில்லை. மூக்கே சொல்லிவிடும். எந்த நேரத்தில், எதனால், எந்த அடுக்குப் பலகையில் இருந்த சரக்கு கெட்டது என்பதில்தான் சண்டை. அதற்கான பதிலை வெப்பநிலைப் பதிவும் மின்தடைப் பதிவும் சேர்ந்துதான் சொல்ல முடியும். இரண்டும் ஒரே கடிகாரத்தைப் பேசினால் வழக்கு நிற்கும், இல்லாவிட்டால் ஆடும்.

மேலே சொன்ன 12 டன் மீனையே எடுத்துக்கொண்டு ஒவ்வொரு படியாகப் போவோம். இது விளக்கத்துக்காக நான் அமைத்த கணக்கு. ஆனால் இதில் வரும் ஒவ்வொரு சிக்கலும் வேலையில் நான் சந்தித்ததுதான்.

முதலில் பாலிசியில் மூன்று வரிகளைத் தேடுங்கள்

கிடங்குக் கட்டடத்துக்கும் தீ விபத்துக்கும் எடுத்த பாலிசியில் இந்த இழப்பு வழக்கமாகச் சேராது. கெட்டுப்போகும் சரக்குக்கென்று தனிப் பாலிசி உண்டு, அல்லது இயந்திரப் பழுதுப் பாலிசியோடு ஒட்டிய பிரிவாக அது இருக்கும். அதை எடுத்து வைத்துக்கொண்டு மூன்று வரிகளைத் தேடுங்கள்.

முதல் வரி, வெளியிலிருந்து வரும் மின்சாரம் நின்றால் இழப்பு உண்டா என்பது. சில பாலிசிகளில் சொந்தக் கம்ப்ரசர் பழுதானால் மட்டுமே பணம். பொது மின் விநியோகம் நிற்பதற்குத் தனியாக ஒரு சேர்க்கை வாங்கியிருக்க வேண்டும். அந்தச் சேர்க்கை இருந்தாலும், மின் நிறுவனம் தானாகத் திட்டமிட்டு நிறுத்தியதையும் பற்றாக்குறைக்காகப் பங்கிட்டு வெட்டியதையும் அது வழக்கமாக விலக்கிவிடும். நாம் பேச்சில் மின்தடை, மின்வெட்டு என்று மாற்றி மாற்றிச் சொல்கிறோம். இந்தக் கோரிக்கையில் அந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் முழுப் பணமும் இருக்கிறது. கம்பம் சாய்ந்தது மின்தடை. அட்டவணை போட்டு நிறுத்தியது மின்வெட்டு. உங்கள் கடிதத்தில் பழக்கதோஷத்தில் மின்வெட்டு என்று எழுதிவிடாதீர்கள்.

இரண்டாவது வரி, கோரிக்கை எழாத காலம். குளிரூட்டல் நின்றபின் சேம்பர் கதவைத் திறக்காமல் வைத்தால் இத்தனை மணி நேரம் சரக்கு கெடாது என்று பாலிசியே ஓர் எண் வைத்திருக்கும். அந்த நேரத்துக்குள் குளிர் திரும்பிவிட்டால் இழப்பீடு கிடையாது. சரக்குக்குச் சரக்கு இந்த எண் மாறும். நம் கணக்குக்கு 24 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம்.

மூன்றாவது, பதிவேடு பற்றிய நிபந்தனை. எந்தச் சேம்பரில் யாருடைய சரக்கு எவ்வளவு, என்ன மதிப்பு என்று இருப்புப் பதிவேடு வைக்க வேண்டும், வெப்பநிலையை நாளுக்கு இத்தனை முறை குறிக்க வேண்டும் என்று அதில் இருக்கும். இதை ஆலோசனை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது நிபந்தனை. மூன்று முறை குறிக்கச் சொன்ன இடத்தில் காலையில் ஒருமுறை மட்டும் குறித்திருந்தால், சரக்கைப் பார்ப்பதற்கு முன்பே மதிப்பீட்டாளர் அதை எழுதிவைத்துவிடுவார்.

கரண்ட் போன இரவு

அன்றிரவு செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கதவைப் பூட்டுங்கள், ஜெனரேட்டரைப் போடுங்கள், ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திறந்து நேரத்தோடு எழுத ஆரம்பியுங்கள்.

நம் கிடங்கில் 10.55-க்கு ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியது. செவ்வாய் விடியற்காலை 4.10-க்கு ரேடியேட்டர் சூடேறி நின்றது. சாலை முழுதும் மரம் விழுந்து கிடந்ததால் மெக்கானிக் வர முடியவில்லை. இந்த மூன்று வாக்கியமும் பிறகு பெரிய வேலை செய்யப்போகின்றன. கோரிக்கை எழாத 24 மணி நேரம், கரண்ட் போன 10.40-லிருந்து தொடங்காது, குளிரூட்டல் கடைசியாக நின்ற 4.10-லிருந்துதான் தொடங்கும். இதை மறைத்தாலும் ஜெனரேட்டரின் மணிக்கணக்கு மீட்டர் காட்டிக்கொடுக்கும். மறைக்கவும் அவசியமில்லை. 4.10-லிருந்து எண்ணினாலும் நமக்கு 24 மணி நேரத்தைத் தாண்டி வெகுநேரம் இருக்கிறது. உள்ளபடி எழுதியவரிடம் மதிப்பீட்டாளர் மற்ற விஷயங்களிலும் கொஞ்சம் இளகிப் பேசுவார் என்பது என் அனுபவம்.

இழப்பைக் குறைக்க என்ன முயன்றீர்கள் என்றும் கேட்பார்கள். வாடகைக்கு ஜெனரேட்டர் தேடி யார் யாருக்குப் போன் செய்தீர்கள், வேறு கிடங்கில் இடம் கேட்டீர்களா, உலர்பனி கிடைத்ததா, எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதுங்கள். கிடைக்கவில்லை என்பதும் பதில்தான். முயற்சியே செய்யவில்லை என்றால்தான் சிக்கல். இந்த முயற்சிக்கு ஆன செலவைச் சில பாலிசிகள் தருகின்றன, ஆகவே ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

காப்பீட்டு நிறுவனத்துக்கு முதல் அறிவிப்பை மறுநாள் காலையே அனுப்புங்கள். சரக்கு கெடும்வரை காத்திருக்க வேண்டாம். “குளிரூட்டல் இன்ன நேரத்தில் நின்றது, சேம்பரில் இவ்வளவு சரக்கு இருக்கிறது, கதவு மூடியிருக்கிறது, கெடும் அபாயம் உள்ளது” என்று நான்கு வரி போதும். எழுத்தில் போக வேண்டும். போனில் சொன்னால் அதே நாளில் எழுத்திலும் உறுதிப்படுத்துங்கள்.

கதவைத் திறக்கும் ஆசை

வாடிக்கையாளர் ஒருவர் செவ்வாய் மதியம் வந்து, “என் சரக்கை மட்டும் எடுத்துக்கொடுங்கண்ணே” என்று நிற்பார். மறுக்க மனம் வராது. ஆனால் பெரிய கதவை இருபது நிமிடம் திறந்துவைத்தால் வெப்பநிலைக் கோட்டில் ஒரு படி ஏறும். பிறகு அந்தப் படியைக் காட்டி, கெட்டதற்குக் காரணம் மின்தடையா, கதவா என்று கேள்வி வரும். திறந்தே ஆக வேண்டியிருந்தால் எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், எதற்காக, எத்தனை கிலோ வெளியே போனது என்று கதவுப் பதிவேட்டில் எழுதி, சரக்கை எடுத்தவரிடம் கையெழுத்து வாங்குங்கள். சரக்கைக் காப்பாற்ற வேறிடத்துக்கு மாற்றுவதற்காகத் திறந்தது வேறு, விற்பனைக்காகத் திறந்தது வேறு. காரணத்தை எழுதாவிட்டால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

வெப்பநிலைப் பதிவு எதைக் காட்ட வேண்டும்

புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

ஒரு சேம்பரில் இரண்டு வெப்பநிலை உண்டு. காற்றின் வெப்பநிலை ஒன்று, சரக்கின் வெப்பநிலை இன்னொன்று. கூரைக்கடியில் மாட்டிய உணரி காற்றை அளக்கிறது. மின்விசிறி நின்றதும் சூடான காற்று மேலே தேங்குவதால் அந்த எண் வேகமாக ஏறும். பெட்டிக்குள் இருக்கும் மீன் மெதுவாகத்தான் சூடாகும். உறைந்த பொருள் மைனஸ் 5 டிகிரியைத் தாண்டியபின் இன்னும் மெதுவாகும், ஏனென்றால் அங்கே வரும் வெப்பமெல்லாம் பனியை உருக்குவதில் செலவாகிறது. இதனால் காற்று உணரி மைனஸ் 2 காட்டும்போது நடுப்பலகையின் உள்ளே மைனஸ் 8 இருக்கலாம். காற்றின் எண்ணை மட்டும் வைத்து “எல்லாம் உருகிவிட்டது” என்று எழுதினால், இந்த வேறுபாட்டைத் தெரிந்த மதிப்பீட்டாளர் அந்த ஒரு வரியை வைத்தே கோரிக்கை முழுவதையும் சந்தேகிப்பார்.

நம் சேம்பரில் ஒரு உணரி பின்சுவரில் காற்றை அளக்கிறது, இன்னொன்று நடுப்பலகை ஒன்றில் பெட்டிகளுக்கிடையே செருகியிருக்கிறது. குளிரூட்டல் நின்றபோது இரண்டும் மைனஸ் 20. செவ்வாய் இரவு 10 மணிக்குக் காற்று மைனஸ் 12, பெட்டி மைனஸ் 17. புதன் இரவு காற்று மைனஸ் 6, பெட்டி மைனஸ் 11. வியாழன் மாலை கரண்ட் வந்தபோது காற்று மைனஸ் 2, பெட்டி மைனஸ் 6.

40 டன் கொள்ளும் சேம்பரில் 12 டன்தான் இருந்தது என்பதையும் கவனியுங்கள். நிறைந்த சேம்பர் தன் குளிரைத் தானே பிடித்துவைக்கும். சுவர் வழியாக உள்ளே வரும் வெப்பம் ஏறத்தாழ ஒன்றுதான், அதைப் பங்கிட்டுக்கொள்ளும் சரக்கு கூடக்கூட ஏற்றம் மெதுவாகும். நல்ல காப்புள்ள, முழுக்க நிரம்பிய சேம்பர் ஒரே நாளில் உருகிவிட்டது என்று யாராவது எழுதினால் நானே நம்பமாட்டேன். கதவு ரப்பரையும் சுவரையும் போய்ப் பார்ப்பேன். நம் சேம்பரில் பெரும்பகுதி காலி என்பதை இருப்புப் பதிவேடு காட்டுவதால், அந்த வேகத்துக்குக் காரணமும் கூடவே கிடைத்துவிடுகிறது.

கோரிக்கையோடு தரும் பதிவு மின்தடை நேரத்தை மட்டும் வெட்டியெடுத்ததாக இருக்கக் கூடாது. அதற்கு முந்தைய இரண்டு வாரத்தையும், குளிர் முழுதாகத் திரும்பியதற்குப் பிந்தைய இரண்டு நாளையும் சேர்த்துக் கொடுங்கள். முந்தைய இரண்டு வாரத்தில் கோடு மைனஸ் 20-ஐ ஒட்டி ஓடியிருக்க வேண்டும். நடுநடுவே பனிக்கட்டி கரைக்கும் சுழற்சியின்போது சிறு மேடுகள் வந்து இறங்கியிருக்கும். அந்த மேடுகள் இருப்பது நல்லது. உணரி உயிரோடு இருந்து உண்மையாக அளந்ததற்கு அவையே சாட்சி. ஒரு மாதம் அசையாத நேர்கோடு வந்தால் கையால் நிரப்பியது என்றுதான் எவருக்கும் தோன்றும். அதேபோல, மின்தடைக்கு முன்பே சேம்பர் மைனஸ் 13-இல் கிடந்திருந்தால் உங்கள் இழப்பின் ஒரு பகுதி பழைய குறையின் கணக்கில் போய்விடும். உறைந்த உணவுக்கு மைனஸ் 18 டிகிரி அல்லது அதற்கும் கீழ் என்பதே உலகெங்கும் எடுத்துக்கொள்ளும் அளவு.

இன்னொரு வேடிக்கையும் நடக்கும். சில பதிவுக் கருவிகள் சுவர்க் கரண்டில் மட்டும் ஓடும். கரண்ட் போனதும் அவையும் தூங்கிவிடும். சரியாக நமக்குத் தேவையான 66 மணி நேரம் மட்டும் வெற்றிடமாகக் கிடக்கும். உங்கள் கருவியில் பேட்டரி இருக்கிறதா என்று இன்றைக்கே பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். வெற்றிடம் ஏற்கெனவே விழுந்துவிட்டதென்றால் அதைக் கற்பனையால் நிரப்பாதீர்கள். கையால் எழுதிய வாசிப்புகள் இருந்தால் அவற்றைத் தாருங்கள். இல்லாவிட்டால் நின்ற நேரத்தின் எண், திரும்ப ஓடிய நேரத்தின் எண், சரக்கைத் துளைத்து எடுத்த அளவு ஆகிய மூன்றையும் வைத்துத்தான் பேச வேண்டும்.

பதிவைப் படமெடுத்து அனுப்பினால் போதாது. கருவியிலிருந்து இறக்கிய மூலக் கோப்பை அப்படியே ஒரு பிரதி தனியாக வைத்துவிடுங்கள். வரைபடம், அட்டவணை எல்லாம் இன்னொரு பிரதியில் செய்யுங்கள். உணரியின் அளவுச் சரிபார்ப்புச் சான்றிதழ் காலாவதியாகியிருந்தால், மதிப்பீட்டாளர் முன்னிலையில் நொறுக்கிய பனியும் நீரும் கலந்த பாத்திரத்தில் வைத்துக் காட்டுங்கள். 0 டிகிரியை ஒட்டிக் காட்ட வேண்டும். சான்றிதழுக்கு இது முழு மாற்று ஆகாது என்றாலும், உணரி பெரிதாகப் பிசகவில்லை என்று தெரிந்துவிடும்.

மின்தடைப் பதிவு

மின் நிறுவனத்திடம் எழுத்தில் விண்ணப்பித்து ஒரு சான்றுக் கடிதம் வாங்க வேண்டும். உங்கள் இணைப்பு எண், உங்களுக்கு மின்சாரம் கொண்டுவரும் ஃபீடர் கம்பித்தடம் எது, நின்ற நேரம், திரும்பிய நேரம், காரணம் ஆகிய ஐந்தும் அதில் இருக்க வேண்டும். “அப்பகுதியில் புயலால் மின்தடை ஏற்பட்டது” என்ற பொதுவான கடிதம் உதவாது. பகுதியில் பாதிக்கு மறுநாளே கரண்ட் வந்திருக்கலாம். உங்கள் ஃபீடருக்கு எப்போது வந்தது என்பதே கேள்வி. துணை மின் நிலையத்தில் ஒவ்வொரு ஃபீடரும் விழுந்த நேரத்தையும் ஏறிய நேரத்தையும் பதிவேட்டில் குறிக்கிறார்கள். அந்தப் பக்கத்தின் நகலைக் கேளுங்கள்.

இதோடு நிற்காதீர்கள். துணை நிலையத்தில் ஃபீடர் ஏறிய பிறகும் உங்கள் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில் ஃப்யூஸ் போயிருந்தால் உங்களுக்குக் கரண்ட் வராது. அந்தக் கூடுதல் மணி நேரம் அவர்கள் பதிவேட்டில் இருக்காது. அதை உங்கள் சொந்த மீட்டர் சொல்லும். இப்போதைய மின்னணு மீட்டர்கள் பலவும் மின்சாரம் நின்ற, வந்த நேரங்களை நினைவில் வைத்திருக்கின்றன. அந்த நிகழ்வுப் பட்டியலை இறக்கித் தரச் சொல்லி அதே விண்ணப்பத்தில் கேட்டுவிடுங்கள். தள்ளிப்போடாதீர்கள். மீட்டரின் நினைவு சிறியது, புது நிகழ்வுகள் வரவர பழையவை அழிந்துகொண்டே போகும்.

விளக்கு எரிகிறது, ஆனால் கம்ப்ரசர் ஓடவில்லை என்ற நிலையும் உண்டு. மூன்று ஃபேஸில் ஒன்று போனாலோ மின்னழுத்தம் மிகவும் தாழ்ந்தாலோ பாதுகாப்பு ரிலே மோட்டாரை நிறுத்திவிடும். மின் நிறுவனத்தின் பதிவில் “விநியோகம் இருந்தது” என்று இருக்கும். அப்போது ரிலே காட்டும் பிழைக்குறியைப் படமெடுத்து, வோல்ட் மீட்டர் எண்ணையும் எழுதிவைத்தால்தான் உங்கள் பேச்சு எடுபடும்.

கரண்ட் வந்த பிறகு என்ன நடந்தது என்பதையும் விளக்க வேண்டும். நம் கிடங்கில் வியாழன் 4.40-க்குக் கரண்ட் வந்தது. கம்ப்ரசர் ஓடத் தொடங்கியதோ இரவு 8.10-க்கு. நடுவில் மூன்றரை மணி நேரம் என்ன செய்தீர்கள் என்று நிச்சயம் கேட்பார்கள். பதில் நியாயமானது. நீண்ட நேரம் நின்ற கம்ப்ரசரில் குளிர்வாயு எண்ணெயோடு கலந்து தங்கிவிடும். அடியிலுள்ள ஹீட்டர் எண்ணெயைச் சூடாக்கி அதைப் பிரித்த பின்புதான் ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் கம்ப்ரசரே போய்விடும். இயந்திரக் கையேட்டில் அந்தப் பக்கத்தை நகலெடுத்து இணைத்தால் விஷயம் அங்கேயே முடிந்தது. இணைக்காவிட்டால் அந்த மூன்றரை மணி நேரம் அலட்சியத்தின் கணக்கில் ஏறும்.

கடிகாரங்களை ஒன்றாக்குவது

இப்போது உங்கள் மேசையில் நான்கு கடிகாரம் இருக்கின்றன: துணை நிலையத்துடையது, மீட்டருடையது, பதிவுக் கருவியுடையது, நோட்டில் எழுதிய வாட்ச்மேனுடைய கைக்கடிகாரம். நான்கும் ஒரே நேரம் காட்டியதை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

நம் கிடங்கில் துணை நிலையம் 10.40 என்கிறது, மீட்டர் 10.38 என்கிறது. அது பொருட்டில்லை. ஆனால் பதிவுக் கருவியில் வெப்பநிலை ஏறத் தொடங்குவது விடியற்காலை 3.45-க்கு. ஜெனரேட்டர் நின்றதோ 4.10-க்கு. அதாவது குளிரூட்டல் நிற்பதற்கு 25 நிமிடம் முன்பே சேம்பர் சூடாகத் தொடங்கிவிட்டது என்று காகிதம் சொல்கிறது. எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு இது அல்வா. ஜெனரேட்டர் ஓடும்போதே உங்கள் கம்ப்ரசர் பழுது, மின்தடைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று ஒரே வரியில் முடித்துவிடலாம்.

உண்மை என்னவென்றால் கருவியின் கடிகாரம் 25 நிமிடம் பின்தங்கி ஓடுகிறது, அவ்வளவுதான். இதை நிரூபிக்க இரண்டு வழி. மதிப்பீட்டாளர் வரும்போது கருவியின் திரையையும் கைப்பேசியின் நேரத்தையும் ஒரே படத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். இப்போதும் 25 நிமிடம் பின்னால் இருக்கும். அடுத்து, கருவி பதிவுசெய்த வேறொரு நிகழ்வோடு ஒத்துப்பாருங்கள். வியாழன் கம்ப்ரசர் ஓடத் தொடங்கியது 8.10-க்கு என்று நோட்டு சொல்கிறது. கருவியில் காற்று வெப்பநிலை திரும்பி இறங்குவது 7.45-ஐ ஒட்டி. அங்கேயும் அதே 25. இரண்டு முனையிலும் ஒரே வித்தியாசம் வந்தால் விவாதம் முடிந்தது.

செய்யக் கூடாதது ஒன்றே ஒன்று. மூலக் கோப்பில் நேரத்தைத் திருத்தாதீர்கள். கருவியின் கடிகாரத்தையும் படம் எடுக்கும் முன் சரிசெய்துவிடாதீர்கள். நல்லெண்ணத்தில் ஒருவர் கடிகாரத்தைச் சரிசெய்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டார். சாட்சியைக் கையோடு அழித்துவிட்டார் என்பதை அவருக்கு விளக்கவே அரைநாள் ஆயிற்று. வித்தியாசத்தைக் கோரிக்கையின் முதல் பக்கத்தில் ஒரு குறிப்பாக எழுதி, திருத்திய நேரத்தைப் பக்கத்தில் தனிப் பத்தியாகத் தாருங்கள்.

சரக்கைப் பிரித்து அளப்பது

மதிப்பீட்டாளர் பார்க்கும் முன் எதையும் கொட்டக் கூடாது. நாற்றம் தாங்காமல் சுகாதார அதிகாரி அழிக்கச் சொன்னால் உத்தரவை எழுத்தில் வாங்கி, ஒவ்வொரு லாட்டிலும் மாதிரி எடுத்து உறையவைத்து, எடைமேடைச் சீட்டோடு அழியுங்கள்.

நம் 12 டன், 800 கிலோ வீதம் 15 பலகையில் இருக்கிறது. ஒவ்வொரு பலகைக்கும் எண் ஒட்டி, மேல், நடு, கீழ்ப் பெட்டிகளில் அளவெடுக்க வேண்டும். உறைந்த மீனின் மேற்பரப்பில் வெப்பமானியைச் சாய்த்துவைத்து எடுக்கும் எண் பொய். துளையிட்டு, முன்பே குளிரவைத்த ஊசியை உள்ளே செலுத்தி எண் நிலைக்கும்வரை காத்திருந்து குறிக்க வேண்டும். பலகை எண்ணும் வெப்பமானித் திரையும் ஒரே படத்தில் வரட்டும்.

அளந்து முடித்ததும் மூன்று கூட்டம் தெரிந்தது. கதவோரமும் மேலடுக்கிலும் இருந்த 6 பலகை உருகி நீர் கசிந்து கெட்டுவிட்டது. ஓரத்திலிருந்த 5 பலகை இளகியிருக்கிறது, நேரடி விற்பனைக்கு ஆகாது, பதப்படுத்துபவர் குறைந்த விலைக்கு எடுத்துக்கொள்வார். நடுவிலிருந்த 4 பலகை மைனஸ் 8-க்குக் கீழே கெட்டியாக இருக்கிறது. தரப் பரிசோதகர் எழுத்தில் சரி என்று சொன்னதால் அந்த நான்கையும் கோரிக்கையில் சேர்க்கவில்லை. அதைச் சேர்க்கத்தான் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். ஆனால் பெட்டிகளுக்கிடையே செருகிய உணரியே மைனஸ் 6 காட்டிய சேம்பரில், நடுவில் கெடாத சரக்கு இருப்பதுதான் இயல்பு. கோரிக்கை பதிவோடு ஒத்துப்போவதால் மீதி 11 பலகையைப் பற்றிய கேள்விகள் குறைந்துவிடுகின்றன.

கணக்கு

மதிப்பு என்பது பெரும்பாலும் நீங்கள் விற்கப்போகும் விலை அல்ல, பாலிசி சொல்லும் அடக்கவிலை. கிலோ 100 என்று வைப்போம். எந்தப் பணம் என்பது இங்கே முக்கியமில்லை. கெட்ட 4,800 கிலோவின் மதிப்பு 4,80,000. அதை உரத்துக்கு விற்றதில் கிலோவுக்கு 5 வந்தது, அது 24,000. நிகரம் 4,56,000. இளகிய 4,000 கிலோவின் மதிப்பு 4,00,000. கிலோ 60-க்குப் போனதால் 2,40,000 மீண்டது. நிகரம் 1,60,000. மொத்த இழப்பு 6,16,000.

அடி விழுவது இதற்குப் பிறகுதான். சேம்பரில் அன்றிருந்த சரக்கின் மதிப்பு 12,00,000. பாலிசியில் அறிவித்திருந்தது 9,00,000. முக்கால் பங்குக்குத்தான் காப்பீடு செய்திருக்கிறீர்கள், ஆகவே இழப்பிலும் முக்கால் பங்குதான் என்று பாலிசி சொல்கிறது. 6,16,000 என்பது 4,62,000 ஆகிறது. அதில் நீங்களே ஏற்க வேண்டிய பங்கு பத்து சதவீதம் என்றால் 46,200 கழிந்து, கையில் வருவது 4,15,800. குறைத்து அறிவித்து மிச்சம் பிடித்த பிரீமியம், இங்கே 1,54,000-ஐத் தின்றுவிட்டது. மாதந்தோறும் இருப்பு அறிவிக்கும் வசதி உங்கள் பாலிசியில் இருந்தால், சரக்கு ஏறும் மாதத்தில் தவறாமல் அறிவியுங்கள்.

சரக்கு யாருடையது

கிடங்கில் இருப்பதில் பெரும்பகுதி அடுத்தவர் சரக்கு. பாலிசியில் உங்கள் பொறுப்பில் வைத்திருக்கும் பிறர் சரக்கும் சேரும் என்ற சொற்கள் இருந்தால்தான் அதற்கு நீங்கள் கோர முடியும். ஒவ்வொரு லாட்டுக்கும் சரக்கு வைத்தவரின் ரசீது, உள்வந்த எடை, வெளிபோன எடை ஆகியவற்றைப் பலகை எண்ணோடு இணைத்துக் காட்டுங்கள். ரசீதில் உள்ள எடையும் பலகையில் உள்ள எடையும் ஒத்துப்போகாத இடத்தில் சிறியதைத்தான் ஏற்பார்கள். சரக்கு வைத்தவர் தனியாகக் காப்பீடு எடுத்திருக்கிறாரா என்றும் கேட்டு எழுதி வாங்குங்கள். ஒரே மீனுக்கு இரண்டு இடத்தில் பணம் வராது. பின்னால் தெரியவந்தால் இரண்டு கோரிக்கையும் சிக்கலில் மாட்டும்.

எல்லாவற்றையும் சேர்க்கும்போது முதல் பக்கத்தில் நேரவரிசை மட்டும் இருக்கட்டும்: கரண்ட் போனது, ஜெனரேட்டர் ஓடியது, நின்றது, 24 மணி நேரம் முடிந்தது, கரண்ட் வந்தது, கம்ப்ரசர் ஓடியது. ஒவ்வொரு வரிக்கும் எதிரே எந்த இணைப்பு அதற்குச் சாட்சி என்று எண் போடுங்கள். மதிப்பீட்டாளர் கேள்விகளை எழுத்தில் கேட்கச் சொல்லி, எழுத்திலேயே பதில் கொடுங்கள்.

கடைசியில் ஒரு தொகையும், “முழுமையான, இறுதியான தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்” என்று அச்சிட்ட ரசீதும் வரும். தொகை உங்கள் கணக்கோடு ஒத்துவராவிட்டால் கையெழுத்திடும் முன்பே எந்த வரியில் வேறுபாடு என்று எழுதிக் கேளுங்கள். கையெழுத்துப் போட்டபின் கேட்பது கஷ்டம். சரக்கு வைத்தவர்களின் பங்கை எப்படிப் பிரிக்கப்போகிறீர்கள் என்ற பட்டியலையும், பணம் வருவதற்கு முன்பே அவர்களிடம் காட்டிக் கையெழுத்து வாங்கி வைத்துவிடுங்கள்.